அக்கவுண்ட்ஸ் வேலை இண்டர்வியூ: சுற்றிச் சுற்றி வரும் கேள்விகளும் பதிலைக் கோர்க்கும் விதமும்

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதிப் பல வருடம் ஆகிறது. முதலில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னேன், இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு வருகிறவர்களிடம் எங்கே போனாலும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். தம்பி தங்கைகள் போனில் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாக் கேள்விக்கும் பொதுவா ஒரு அமைப்பு இருக்கா அண்ணா? மனப்பாடம் பண்ணினா மறந்துடுது.

மனப்பாடம் வேண்டாம். மூன்று துண்டு போதும். முதலில் நேரடிப் பதில், ஒரே வாக்கியத்தில். அடுத்து உன் மேஜையில் நடந்த ஒரு சம்பவம், முடிந்தால் ஒரு எண்ணோடு. கடைசியாக, அது இந்தக் கம்பெனி வேலைக்கு எப்படி உதவும் என்று ஒரு வரி. ஒரு நிமிடத்தில் முடியும். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள்.

பெரும்பாலானவர்கள் நடுத்துண்டை விட்டுவிடுகிறார்கள். "நான் கடின உழைப்பாளி சார், பொறுப்பா இருப்பேன் சார்" என்று முதலும் கடைசியும் மட்டும் வரும். காலையிலிருந்து ஆறு பேர் அதையே சொல்லியிருப்பார்கள். சம்பவம் மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க"ன்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்? ஊர், அப்பா தொழில் எல்லாம் சொல்லணுமா?

வேண்டாம். உன் பயோடேட்டா அவர் கையிலேயே இருக்கிறது, சில சமயம் அந்த நேரத்தில்தான் அதை முதல்முறையாகப் புரட்டிக்கொண்டிருப்பார். நீ பேசுகிற அந்த முக்கால் நிமிடத்தில் அடுத்து எதைக் கேட்பது என்று முடிவு செய்வார். ஆகவே எதைக் கேட்டால் உனக்குப் பதில் நன்றாக வருமோ அதை அங்கே வைத்துவிட்டு வா.

வரிசை இப்படி இருக்கட்டும்: இப்போது என்ன செய்கிறாய், அதற்கு முன் என்ன செய்தாய், ஏன் இங்கே வந்திருக்கிறாய். போன வருடம் வந்த ஒரு பெண் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"சார், ரெண்டு வருஷமா ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன். பதினோரு கிளையன்ட்டுக்கு டேலி என்ட்ரியில இருந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரைக்கும் நான் பாக்கறேன். அதுல நாலு பேரு ஜவுளி. பார்ட்டி லெட்ஜர் டேலி பண்ற வேலை அதிகமா எங்கிட்டதான் வரும். பி.காம். முடிச்சது 2023. ஒரே கம்பெனியோட கணக்கை முழுசா, பேலன்ஸ் ஷீட் வரைக்கும் பாக்கணும்னு இங்க அப்ளை பண்ணினேன்."

அவ்வளவுதான். படிப்பு கடைசிக்குப் போய்விட்டது, வேலை முன்னால் வந்துவிட்டது. "பார்ட்டி லெட்ஜர் டேலி பண்ற வேலை" என்று சொன்னதும் நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அவர் வைத்த தூண்டில் அது என்று பிறகுதான் புரிந்தது.

வேலை அனுபவமே இல்லாதவர்கள் படிப்பிலிருந்து தொடங்கலாம், ஆனால் படிப்போடு நிறுத்தக் கூடாது. மாமாவின் மளிகைக் கடைக் கணக்கை மூன்று மாதம் டேலியில் போட்டிருந்தால் அதைச் சொல். உண்மையான பில்லைக் கையில் பிடித்தவனா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

"ஒரு சிக்கலான வேலையை எப்படி முடிச்சீங்க"ன்னு கேட்டா? எனக்கு அப்படிப் பெருசா எதுவும் நடந்ததே இல்லையே.

பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சிறியதாக இருப்பதே நல்லது, முழுதாகச் சொல்ல முடியும். இதற்கு மட்டும் துண்டு நான்கு: என்ன நிலைமை, அதில் உன் பங்கு எது, நீ என்ன செய்தாய், முடிவில் என்ன ஆனது. மேலே சொன்ன அதே பெண்ணிடம் இதைக் கேட்டேன்.

நிலைமை: மார்ச் கடைசி. ஒரு நூல் வியாபாரி பாக்கிக் கணக்கு உறுதிப்படுத்தச் சொல்லி ஸ்டேட்மென்ட் அனுப்பியிருக்கிறார். அவர் கணக்கில் வர வேண்டியது 4,14,100 ரூபாய். கிளையன்ட் டேலியில் 4,12,300. வித்தியாசம் 1,800.

அவர் பங்கு: வருடம் முழுக்க அந்தப் பார்ட்டியோடு எண்பது தொண்ணூறு பில். அன்று மாலைக்குள் ஆடிட்டருக்குக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

செய்தது: ஒவ்வொரு பில்லாக டிக் அடிக்காமல் முதலில் 1,800 என்ற தொகைக்கே பில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இல்லை. பாதித் தொகையான 900 ஏதாவது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. பிறகு 1,800-ஐ ஒன்பதால் வகுத்திருக்கிறார், மீதியில்லாமல் 200 வந்தது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி ஏறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 200 என்பதால் மாறியது ஆயிரமும் நூறும் நிற்கும் இடங்களாக இருக்க வேண்டும், இரண்டு இலக்கத்துக்கும் நடுவே இரண்டு வித்தியாசம். அந்த மாதிரிப் பில்களை மட்டும் எடுத்துப் பார்த்ததில் 38,650 ரூபாய் பில் ஒன்று 36,850 என்று ஏறியிருந்தது.

முடிவு: இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. என்ட்ரியைத் திருத்தி, அந்தப் பில்லின் ஜிஎஸ்டி தொகையும் தப்பாக ஏறியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.

இந்தக் கடைசி வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பலருக்கும் தெரியும். ஒரு தப்பு இருந்த பில்லில் இன்னொரு தப்பும் இருக்கலாம் என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்தக் கேள்வியில் பலர் சறுக்குவது "நாங்க" என்ற வார்த்தையில். "நாங்க எல்லாரும் உக்காந்து கண்டுபிடிச்சோம் சார்." சரி, நீ என்ன செய்தாய்? அதைக் கேட்டால் மௌனம். நிலைமையைச் சொல்லும்போது "நாங்க" இருக்கலாம், செய்ததைச் சொல்லும்போது "நான்" வந்தாக வேண்டும். அது கர்வமாகத் தெரியாது.

"நீங்க பண்ணின தப்பு ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேக்கறாங்க. உண்மையைச் சொன்னா வேலை போயிடாதா?

தப்பே செய்ததில்லை என்று சொன்னால்தான் போகும். கணக்கு எழுதும் கை தப்புப் பண்ணாமல் இருக்காது, அது எங்களுக்கும் தெரியும். தப்பு யார் சொல்லித் தெரிந்தது, அதன் பிறகு என்ன மாற்றினாய் என்பதைத்தான் பார்க்கிறோம். தப்பு, சரிசெய்தது, மறுபடி வராமல் செய்தது என்று மூன்றாகச் சொல். மூன்றாவதுக்குத்தான் மதிப்பெண்.

என்னுடைய பழைய கதையே ஒன்று. ஒரே பெயரில் இரண்டு பார்ட்டி, ஒருவர் ஈரோடு, மற்றவர் கரூர். ஈரோட்டுக்காரர் பில்லைக் கரூர்க்காரர் லெட்ஜரில் போட்டுவிட்டேன். ஜிஎஸ்டிஆர் 1-ம் அப்படியே போய்விட்டது. 14-ந் தேதி 2பி வந்ததும் ஈரோட்டிலிருந்து போன், "எங்க பில் ஏறவே இல்லையே சார்" என்று. முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அடுத்த மாத ஜிஎஸ்டிஆர் 1-ல் திருத்தம் போட்டோம். அன்றிலிருந்து ஒரே பெயர் இருந்தால் லெட்ஜர் பெயரோடு ஊரையும் ஜிஎஸ்டி எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும் சேர்த்துத்தான் உருவாக்குகிறேன். இதை ஒரு இண்டர்வியூவில் சொன்னபோது எதிரில் இருந்தவர் தன் பேப்பரில் ஏதோ குறித்துக்கொண்டார். வேலை கிடைத்தது. அவர் கம்பெனியிலும் லெட்ஜர்கள் அதே போல் மாறியிருந்தன என்பது சேர்ந்த பிறகு பார்த்தது!

பலவீனம் கேட்டா "ரொம்ப பர்ஃபெக்ஷன் பாப்பேன்"னு சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். உண்மையான ஒன்றைச் சொல், ஆனால் வேலையின் உயிரில் கை வைக்காததாக இருக்கட்டும். "எண்ணைத் தப்பா அடிச்சிடுவேன்" என்று அக்கவுண்ட்ஸ் வேலைக்கு வந்து சொல்ல முடியாது. "பில் வராத பார்ட்டிக்குப் போன் பண்ணிக் கேக்கக் கூச்சம், தள்ளிப்போடுவேன். இப்போ மாசம் அஞ்சாம் தேதி லிஸ்ட் எடுத்துக் காலையில முதல் வேலையா பேசிடறேன்" என்பது நல்ல பதில். பலவீனமும் உண்டு, அதற்கு மருந்தும் உண்டு.

பழைய கம்பெனியில சம்பளம் மூணு மாசமா ஒழுங்கா வரல. ஏன் விட்டீங்கன்னு கேட்டா அதைச் சொல்லலாமா?

ஒரு வரியில் சொல்லலாம். "சம்பளம் மூணு மாசமா தாமதம் சார், வீட்டு நிலைமை அதுக்கு இடம் கொடுக்கல." அங்கே நிறுத்திக்கொண்டு, இங்கே எதைத் தேடி வந்தாய் என்பதற்குப் போய்விடு. முதலாளி எப்படி, மேனேஜர் எப்படி என்று ஆரம்பித்தால் கேட்பவருக்கு நாளை தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவாய் என்று தோன்றும். அதைவிட ஒன்று உண்டு: அந்தக் கம்பெனியின் கணக்கு விவகாரத்தை வெளியே சொல்லவே சொல்லாதே. "அங்க ரெண்டு கணக்கு எழுதுவாங்க சார்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கணக்குப்பிள்ளைக்கு வாய்க்கட்டு வேண்டும். அவரை எடுக்கவில்லை.

கல்யாணம், குழந்தைன்னு மூணு வருஷம் இடைவெளி விழுந்துடுச்சு அண்ணா. எப்படிச் சமாளிக்கறது?

சமாளிக்க வேண்டாம்மா, சொல்லிவிட்டுப் போ. எப்போதிலிருந்து எப்போது வரை, காரணம் ஒரு வரி, இப்போது வரத் தடை ஒன்றுமில்லை. இதற்கு அரை நிமிடம்கூட வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற குரலும் வேண்டாம்.

மிச்ச நேரத்தை எங்கள் உண்மையான கவலைக்குச் செலவிடு. குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று சிலர் கேட்கத்தான் செய்கிறார்கள், கேட்கக் கூடாத கேள்வி அது. "ஏற்பாடு பண்ணியாச்சு சார்" என்ற இரண்டு சொல் அதற்குப் போதும். வேலை தெரிந்தவருக்கு வருகிற கவலை வேறு: நீ இல்லாத நாட்களில் சட்டம் மாறிவிட்டதே, தெரியுமா? நீ விட்டுப்போன காலத்தில் ரெடிமேட் உடை ஒன்று ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. திருப்பூரில் இண்டர்வியூவுக்குப் போகிறவர் இதை நாக்கு நுனியில் வைத்திருக்க வேண்டும். "மூணு வருஷம் வீட்ல இருந்தேன். போன மாசம் உக்காந்து மாறினதெல்லாம் படிச்சேன், உடைக்கு ரேட் மாறினது இப்படி" என்று நீயாகவே எடுத்துச் சொன்னால் இடைவெளிப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"எங்க கம்பெனியை ஏன் தேர்ந்தெடுத்தீங்க"ன்னா என்ன சொல்றது? உண்மையில எல்லாத்துக்கும்தான் அப்ளை பண்ணினேன்.

அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கொஞ்சமாவது பார்த்துவிட்டு வந்தாயா என்று கேட்கிறார்கள். கணக்குக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கம்பெனியின் ஜிஎஸ்டி எண் தெரிந்தால் ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலேயே தேடிப் பார்க்கலாம். எந்த வருடம் பதிவானது, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா என்பது தெரியும். ரிட்டர்ன் எந்தெந்தத் தேதியில் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலும் வரும்.

மாதாமாதம் போடுகிறார்களா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா என்று பார். மூன்று மாத முறை ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான், ஆகவே சிறிய இடம், எல்லா வேலையும் நீயே பார்க்க வேண்டியிருக்கும். மாதாமாதம் என்பதை வைத்துப் பெரிய கம்பெனி என்று முடிவு கட்டிவிடாதே, சிறியவர்களும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். 3பி தொடர்ந்து 20-ந் தேதிக்குப் பிறகே போயிருந்தால் பணம் இழுபறியோ ஆள் பற்றாக்குறையோ இருக்கலாம். அதை இண்டர்வியூவில் சொல்லிக் காட்டாதே, உனக்குள் வைத்துக்கொள்.

பதில்: அவர்களைப் பற்றி நீ பார்த்த ஒன்று, அதற்குப் பொருந்தும் உன் வேலை ஒன்று. "நீங்க மாசா மாசம் ரிட்டர்ன் போடறீங்க, ஜாப் ஒர்க்கும் வெளிய கொடுக்கறீங்க. ஜாப் ஒர்க் கணக்கு நாலு கிளையன்ட்டுக்கு நான் பாத்திருக்கேன்." போதும். வெப்சைட்டில் உள்ள கம்பெனி லட்சியத்தை ஒப்பிக்காதே, அதை எழுதினவருக்கே நினைவிருக்காது.

தெரியாத கேள்வி கேட்டா?

தெரிந்தவரை சொல், தெரியாத இடத்தைக் கோடு போட்டுக் காட்டு, எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வாய் என்று சொல். மூன்றும் வேண்டும். வெறும் "தெரியாது சார்" பாதிப் பதில்தான்.

ஒரு பையனிடம், பார்ட்னருக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்று கேட்டேன். "முன்னாடி பிடிக்க மாட்டாங்க சார். இப்ப ஏதோ மாறிருக்குன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க, எவ்வளவு, எதுக்கு மேலன்னு எனக்கு உறுதியாத் தெரியல. பாத்துட்டுத்தான் என்ட்ரி போடுவேன்" என்றான். சரியான விவரம் இது: 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். அவனுக்கு எண் தெரியவில்லை, ஆனால் தெரியாமல் என்ட்ரி போடமாட்டான் என்பது தெரிந்துவிட்டது. அவனுக்கு முன் வந்தவர் "இல்லவே இல்லை சார்" என்று அடித்துச் சொன்னார்.

ஆனால் அடிப்படையில் இந்த முறை செல்லாது. "பில் கையில இருக்கு, 2பி-யில இல்ல. கிரெடிட் எடுக்கலாமா?" என்றால் யோசிக்காமல் வர வேண்டும்: இந்த மாதம் எடுக்க முடியாது, பார்ட்டியைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்லி, 2பி-யில் வந்த மாதம் எடுக்க வேண்டும்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்கன்னா நம்ம முதல்ல சொல்லணுமா?

கேட்டால் சொல்லத்தான் வேண்டும். "நீங்க பாத்து கொடுங்க சார்" என்றால் பார்த்துத்தான் கொடுப்பார்கள்! இப்போது வாங்குவது, எதிர்பார்ப்பது, அதற்குக் காரணமான வேலை என்ற வரிசையில் சொல். ஒற்றை எண்ணாக இல்லாமல் "இருபத்திரண்டிலிருந்து இருபத்தஞ்சுக்குள்ள" என்றால் அவர்கள் காதில் இருபத்திரண்டு மட்டும்தான் விழும், அதனால் கீழ் எண்ணே உனக்குக் கட்டுபடியாகிற எண்ணாக இருக்கட்டும்.

பேசுவது கையில் வருகிற தொகையா, கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவா என்று கேட்டுக்கொள். வருடம் மூன்று லட்சம் என்றால் மாதம் 25,000. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால் அதில் 12 சதவீதம், 1,800, கம்பெனி கட்டும் பி.எஃப். அதையும் இந்த 25,000-க்குள்ளேயே அடக்கியிருந்தால் சம்பளமாக எழுதுவது 23,200. உன் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 போனால் கையில் 21,400. அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர் சேர்ந்த மாதக் கடைசியில் இதைக் கண்டுபிடித்து முகம் சுளித்தால் நன்றாகவா இருக்கும்?

அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?

உடனே ஓடிவிடுவாயா என்பதுதான் கேள்வி. முதல் வருடம் எந்த வேலையைத் தனியாகச் செய்யப் பழகுவாய், அதன் பிறகு எது, அவ்வளவு போதும். சி.ஏ. இன்டர் எழுதிக்கொண்டிருந்தால் மறைக்காதே, பரீட்சை லீவு கேட்கும் நாளில் எப்படியும் தெரிந்துவிடும்.

இங்கிலீஷ் தடுமாறுது. தமிழ்ல பதில் சொல்லட்டுமா?

உள்ளூர்க் கம்பெனி என்றால் "தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் பையருக்கு மெயில் போடுகிற வேலை என்றால் விட மாட்டார்கள். அறிமுகத்தை மட்டும் இங்கிலீஷில் வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போ.

கடைசியில "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா"ன்னா, ஒண்ணும் இல்லைன்னு சொல்லலாமா?

ஒன்றாவது கேள். லீவு எத்தனை நாள் என்பதை வேலை உறுதியான பிறகு கேட்டுக்கொள்ளலாம். நான் வேலை தேடிய நாட்களில் கேட்டது இதுதான்: "சார், பர்ச்சேஸ் பில் எல்லாம் மாசம் எத்தனாம் தேதிக்குள்ள அக்கவுண்ட்ஸுக்கு வந்து சேரும்?" ஒரு இடத்தில் "அடுத்த மாசம் மூணாம் தேதிக்குள்ள வந்துடும்" என்றார்கள். இன்னொரு இடத்தில் மேனேஜரும் ஸ்டோர் கீப்பரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு இருவரும் சிரித்தார்கள். சம்பளம் அங்கேதான் இரண்டாயிரம் அதிகம். நான் முதல் கம்பெனியில் சேர்ந்தேன்.